தரையிலிருந்து ஐந்து சென்டிமீட்டர்

டீச்சருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை கிடையாது. ஆசிரியர் அறையில் அவருக்கு வழங்கும் பெயர் அடிக்குறிப்பு. ஒரு பிரிவுபசார விழாவில் தலைமையாசிரியர் கண்ணீர் மல்க, "முப்பத்தைந்து ஆண்டு காலம் இந்தப் பள்ளிக்கு உழைத்த..." என்று ஆரம்பித்தபோது, மூன்றாவது வரிசையிலிருந்து, "முப்பத்து நாலு வருஷம் ஏழு மாசம் சார்" என்று ஒரு குரல் வந்தது. அன்றைக்கு ஒட்டிய பெயர். கிண்டலாக ஒட்டினார்கள். ஆனால் பொருத்தமாக ஒட்டியிருந்தார்கள் என்பதை டீச்சரே ஒப்புக்கொள்வார், கேட்டால். யாரும் கேட்டதில்லை.

இயற்பியல் நடத்துகிறார். வயது ஐம்பத்தாறு. கல்யாணம் ஏன் ஆகவில்லை என்பதற்குச் சொந்தக்காரர்களிடம் ஆளுக்கொரு கதை உண்டு; எல்லாவற்றிலும் ஒரு மாப்பிள்ளை ஏதோ ஒரு தேதியைத் தப்பாகச் சொல்கிறார். தம்பி வெளியூரில். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வான். பதினோராவது நிமிடம், "சரிக்கா, வாசல்ல யாரோ வந்திருக்காங்க" என்பான். இருபது வருடமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் சரியாகப் பதினோராவது நிமிடத்தில் அவன் வாசலுக்கு யார் வருகிறார்கள் என்று டீச்சர் கேட்டதே இல்லை. அது ஒன்றைத்தான் அவர் திருத்தாமல் விட்டு வைத்திருந்தார்.

இரண்டாவது மாடியில் வீடு. படியேறி வந்தால் நேருக்கு நேர் இரண்டு கதவுகள். ஒன்று டீச்சருடையது. எதிர்க் கதவில் இரண்டு வருடமாகப் பூட்டு. தனியாக இருப்பவர்களுக்குக் கடைக்காரர்கள் செய்யும் கொடுமையை யாரும் எழுதுவதில்லை. இருப்பதிலேயே சின்ன ரொட்டிப் பொட்டலத்தில் பதினான்கு துண்டு. டீச்சர் ஒன்பது துண்டு சாப்பிடுவதற்குள் மீதி ஐந்தில் பச்சை பூத்துவிடும். எவ்வளவோ முயற்சி செய்து ஒருமுறை பத்து வரை போயிருக்கிறார்.

அவருடைய வருடத்தில் ஆட்கள் இருக்கிற நாட்கள் பத்து. விடைத்தாள் திருத்தும் முகாம்.

மற்ற ஆசிரியர்களுக்கு முகாம் என்றாலே ஆகாது. வெயில், மின்விசிறி சுற்றாத கூடம், ஒரு நாளைக்கு இத்தனை தாள் என்ற கணக்கு. டாக்டர் சீட்டு வாங்கித் தப்பிக்கப் பார்ப்பார்கள். டீச்சர் மட்டும் ஒரு மாதம் முன்னாலேயே சிவப்புப் பேனாக்களை எழுதிப் பார்த்து வரிசையாக வைத்துவிடுவார். காரணம் பேனா இல்லை. பெரியக்கா.

பெரியக்கா என்பது இயற்பியல் பிரிவின் தலைமைத் திருத்தாளர். நாற்பத்திரண்டு ஆசிரியர்களுக்கு மேலே உட்கார்ந்து, அவர்கள் திருத்தியதைத் திரும்பத் திருத்துகிறவர். பெரிய உடம்பு, பெரிய குரல், பெரிய சாப்பாட்டு டப்பா. எல்லாருக்கும் அக்கா. மதியம் அவர் மேசையைச் சுற்றி உட்கார அடிதடி நடக்கும். அந்தக் கூட்டத்தில் தன் பக்கத்து நாற்காலியில் கைப்பையைப் போட்டு வைத்து, டீச்சர் வந்ததும் எடுப்பார். "வாங்க டீச்சர். காலைல என்னென்ன தப்பு பிடிச்சீங்க, சொல்லுங்க. சோறு இறங்க மாட்டேங்குது" என்பார். அடிக்குறிப்பு என்று அவர் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. ஒன்பது வருடமாக, வருடத்துக்குப் பத்து மதியம்.

போன வருடம் கடைசி நாள், கை கழுவும் இடத்தில் பெரியக்கா ஒரு சேதி சொன்னார்.

"அடுத்த முகாமோட நமக்கு ரிட்டையர்மென்ட். மகன் வீட்ல இருக்கலாம். மருமக தங்கமானவ. ஆனா வீட்ல ரெண்டு டிவி, ரெண்டும் ஒரே நேரத்துல ஓடுது. உங்க எதிர் வீடு காலின்னீங்களே, இன்னும் காலிதானா?"

"காலிதான் அக்கா."

"பிடிச்சு வைங்க. அடுத்த முகாமுக்கு வரும்போது பார்த்துட்டு முடிவு சொல்றேன்."

டீச்சர் பிடித்து வைத்தார். கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரரிடம் பேசி, முகாம் முடியும்வரை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று வாக்கு வாங்கினார். சாவி கேட்டு வாங்கி உள்ளே போய்ப் பார்த்தார். துருப்பிடித்த தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டார். சமையலறை ஜன்னலை அளந்தார். ரொட்டியைப் பற்றியும் ஒரு கணக்குப் போட்டார்; பதினான்கு துண்டும் மூன்றே நாளில் தீரும் என்று விடை வந்தது. இரண்டு தடவை சரிபார்த்தார்.

இப்படியாக முகாமின் முதல் நாள் வந்தது.

முதல் நாள் காலையில் யாரும் தாளைத் தொட முடியாது. விடைக்குறிப்பை உரக்க வாசிப்பார்கள். எந்த விடைக்கு எத்தனை மார்க், எந்தப் படிக்கு அரை மார்க் என்று கேள்வி கேள்வியாகப் போகும். வாசித்து முடித்ததும் ஒரு கையெழுத்துத் தாள் சுற்றுக்கு வரும். எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதன்பிறகு விடைக்குறிப்பை ஆண்டவனே வந்தாலும் மாற்ற முடியாது. பன்னிரண்டு மணிக்குள் தாள் மேலிடத்துக்குப் போகவேண்டும். பதினொன்றரைக்கு டீ என்பதால், எந்த ஆட்சேபமும் பதினொன்று இருபதைத் தாண்டி உயிர் வாழ்ந்ததில்லை.

முப்பத்தெட்டாவது கேள்வி வந்தது. நூல் ரீல் கணக்கு. இரண்டு பெரிய வட்டத் தகடு, நடுவில் சின்ன உருளை, அதில் சுற்றிய நூல். நழுவாமல் உருள்கிற அளவுக்குச் சொரசொரப்பான தரை. நிறை மூன்று கிலோ. தகட்டின் ஆரம் பத்து சென்டிமீட்டர், உள் உருளையின் ஆரம் ஐந்து. நிலைமத் திருப்புத்திறன் கேள்வியிலேயே கொடுத்திருந்தது, திட வட்டுக்கு உள்ளதே. நூலை ஒன்பது நியூட்டன் விசையோடு கிடைமட்டமாக வலப்பக்கம் இழுக்கவேண்டும். எந்த உயரத்தில் என்பதுதான் கேள்வி. தகட்டின் உச்சியில், உள் உருளையின் மேல்பக்கம், நடு அச்சில், உள் உருளையின் அடிப்பக்கம். நாலு தடவையும் எந்தத் திசையில் உருளும், முடுக்கம் எவ்வளவு?

பெரியக்கா ஒலிபெருக்கியில் வாசித்தார். "உச்சியில நாலு. வலப்பக்கம். உள் உருளை மேல்பக்கம் மூணு. வலப்பக்கம். அச்சுல ரெண்டு. வலப்பக்கம். அடிப்பக்கம் மூணு, இடப்பக்கம். அதாவது கையை விட்டு விலகி ஓடும். இதுக்கு மட்டும் ரெண்டு மார்க், ஏன்னா பிள்ளைங்க இங்கதான் ஏமாறுவாங்க. அடுத்தது."

நாற்பத்தொரு தலைகள் அசைந்தன. ஒன்று அசையவில்லை.

டீச்சர் அந்த விடைக்குறிப்பின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். கேள்வியும் விடையும் தயாரித்தவர் என்ற இடத்தில் பெரியக்காவின் கையெழுத்து. போகிற வருடம் என்று மேலிடம் கொடுத்த கௌரவம்.

நாலு, மூன்று, இரண்டு. மாடிப்படி மாதிரி இறங்கி வந்த விடை, கடைசிப் படியில் திடீரென்று எதிர்த்திசையில் மூன்றுக்குத் தாவுகிறது. டீச்சரின் பேனா தானாக ஓரத்தில் எழுதியது. அந்தக் கணத்தில் ரீல் தரையைத் தொடுகிற புள்ளி நகருவதில்லை. அந்தப் புள்ளியைப் பிடித்துக்கொண்டுதான் மொத்த ரீலும் திரும்புகிறது. ஆகவே இழுப்பு தரையிலிருந்து எத்தனை உயரம் என்பதே பேச்சு. இருபது, பதினைந்து, பத்து, ஐந்து சென்டிமீட்டர். முடுக்கம் நாலு, மூன்று, இரண்டு, ஒன்று. ஐந்து சென்டிமீட்டரானாலும் அது தரைக்கு மேலேதான். ரீல் கையை நோக்கித்தான் வரும். மெதுவாக வரும், ஆனால் வரும்.

பெரியக்கா என்ன செய்திருப்பார் என்பதும் உடனே தெரிந்துவிட்டது. நடு அச்சை வைத்துத் திருப்பிப் பார்த்திருக்கிறார். நூல் அச்சுக்குக் கீழே இழுக்கிறது, ஆகவே பின்னால் சுழலும் என்று முடிவு செய்து, தரையின் உராய்வைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார். வகுத்துப் பெருக்கினால் அந்த மூன்று வருகிறது. தப்பான வழியில் போனாலும் முழு எண்ணாக விடை வந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. அந்த உராய்வோ சின்னச் சங்கதி இல்லை. அடிப்பக்கம் இழுக்கும்போது ஆறு நியூட்டன், பின்பக்கமாக.

கையெழுத்துத் தாள் சுற்றி வந்தது. டீ வாசனையும் வந்தது. நாற்பத்தொரு கையெழுத்து. கடைசிக் கட்டம் காலி. மணி பதினொன்று பதினெட்டு.

போட்டுவிடலாம். போட்டால் என்ன? எண்ணாயிரம் பிள்ளைகளில் சரியாக எழுதியவர்களுக்கு ஆளுக்கு இரண்டு மார்க் போகும். அவர்களில் ஒருவரையும் டீச்சருக்குத் தெரியாது. அவர்களில் ஒருவரும் எதிர் வீட்டுக்குக் குடிவரப் போவதில்லை.

எழுந்து போய்ப் பெரியக்காவின் காதருகே குனிந்தார். "அக்கா, ஒரு நிமிஷம் தனியா வாங்களேன். முப்பத்தெட்டுல..."

பெரியக்காவின் கையில் மைக். அதை அணைக்க மறந்திருந்தார். அல்லது மறக்கவில்லை, நாம் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

"என்ன அடிக்குறிப்பு, டீ ஆறிடுமே?"

கூடம் சிரித்தது. ஒன்பது வருடத்தில் முதல் தடவை அந்த வாயிலிருந்து அந்தப் பெயர். தனியாகப் பேசுவது என்பது அங்கேயே முடிந்துபோனது.

"கடைசிப் பிரிவு தப்பா இருக்கு அக்கா. இடப்பக்கம் போகாது. வலப்பக்கம்தான். ஒண்ணு."

"அடியில இழுத்தா நூல் பிரிஞ்சுக்கிட்டு அது பின்னாடி ஓடும் டீச்சர். நான் பயிற்சியில சேர்ந்தப்ப கண்ணால பார்த்திருக்கேன். மேசை மேல செஞ்சு காட்டினாங்க."

"பார்த்திருப்பீங்க. ஆனா..."

"'ஆனா' வந்திருச்சு. உட்காருங்கப்பா எல்லாரும்," என்றது பின்வரிசை.

விடைத்தாள் கட்டுகளைக் கட்டுவதற்கு முகாம் அலுவலகத்தில் சணல் ரீல் உண்டு. இரண்டு பக்கமும் மரத் தகடு வைத்தது. டீச்சர் போய்க் கொண்டுவந்தார். கட்டுக் கட்டுகிறவர் பின்னாலேயே ஓடிவந்து, "மேடம், அது கணக்குல எழுதின சாமான்" என்றார். மேசை விரிப்பின் மேல் ரீலை வைத்து, சணல் அடிப்பக்கத்திலிருந்து வருகிற மாதிரித் திருப்பி, விரிப்போடு ஒட்டினாற்போல் கிடைமட்டமாக மெல்ல இழுத்தார்.

ரீல் கையை நோக்கி உருண்டு வந்தது. சும்மா வரவில்லை. சணலைத் தானே சுற்றிக்கொண்டு, இழுக்கிற கையைவிட வேகமாக வந்து, விரலில் முட்டி நின்றது.

பின்வரிசையிலிருந்து, "அக்கா விட்ட ரீல் அக்காகிட்டயே வந்திருச்சு" என்று ஒருவர் முணுமுணுத்தார். நாலைந்து பேர் இருமலுக்குள் சிரித்தார்கள்.

"குடுங்க இப்படி," என்றார் பெரியக்கா. உயரமான மனுஷி. நின்றபடியே சணலைப் பிடித்து இழுத்தார். ரீல் கடகடவென்று பின்னால் ஓடி மேசையை விட்டு விழுந்தது. "இதோ போகுதே. என் கண்ணு பொய் சொல்லுமா?"

"கண்ணு பொய் சொல்லலை அக்கா. நீங்க நின்னுக்கிட்டு மேல் நோக்கி இழுக்கறீங்க. நூல் சாய்வா ஏறுது. கேள்வியில இருக்கிற ரீல்னா, சாய்வு அறுபது பாகையைத் தாண்டினா, நூலோட கோடு தரையைத் தொடுற புள்ளிக்கு அந்தப் பக்கம் விழுந்துரும். அப்ப பின்னாடிதான் போகும். பயிற்சியில உங்களுக்குக் காட்டினவரும் நின்னுக்கிட்டுதான் காட்டியிருப்பார். கேள்வியில கிடைமட்டம்னு போட்டிருக்கே."

பெரியக்கா கேள்வித்தாளைப் பார்த்தார். கிடைமட்டம் என்றுதான் போட்டிருந்தது. அவரே போட்டது.

ஒரு பத்து விநாடி அந்தப் பெரிய முகத்தில் என்னென்னவோ ஓடியது. பிறகு மேசைக்குக் கீழே குனிந்து, விழுந்த ரீலைத் தானே எடுத்து, உட்கார்ந்து, சணலை விரிப்போடு ஒட்டி இழுத்தார். வந்தது. மறுபடி இழுத்தார். வந்தது. மூன்றாவது தடவை மேல்பக்கத்துச் சணலாக மாற்றி இழுத்தார். வந்தது. இன்னும் சுறுசுறுப்பாக வந்தது.

"அப்ப கிடைமட்டமா இழுத்தா விலகிப் போகவே போகாதா?" என்று கேட்டார். குரல் தலைமைத் திருத்தாளருடையது அல்ல. கடைசி பெஞ்சில் உட்கார்ந்த யாரோ ஒரு பெண்ணுடையது.

"போகும் அக்கா. இழுப்பு தொடுற இடத்துக்கும் கீழே இருந்தா. தண்டவாளம் மாதிரி ரெண்டு சட்டத்து மேல உள் உருளை உருளுது, தகடு ரெண்டும் சட்டத்துக்குக் கீழே தொங்குதுன்னு வைங்க. அந்தத் தகட்டோட அடியில இழுத்தா விலகித்தான் போகும்."

"ம்." பெரியக்கா விடைக்குறிப்பில் மூன்றை அடித்து ஒன்று என்று எழுதினார். இடப்பக்கத்தை வலப்பக்கமாக்கினார். பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, மேலிடத்துக்குப் போன் செய்து, "தவறு என்னுடையது" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். நாற்பத்தொரு பேரும் மறுபடி வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள். டீ ஆறிப்போயிருந்தது. அதற்காக டீச்சரை யாரும் மன்னிக்கவில்லை.

மதியம் பெரியக்காவின் பக்கத்து நாற்காலியில் கைப்பை இருந்தது. டீச்சர் போனதும் எடுத்தார். "உட்காருங்க" என்றார். உட்கார்ந்தார். அவ்வளவுதான். காலையில் என்னென்ன தப்பு பிடித்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால்தான் என்ன சொல்வது? சுற்றி இருந்தவர்கள் வெயிலைப் பற்றிப் பேசினார்கள். முட்டையை உரித்து முடிக்க டீச்சருக்கு இவ்வளவு நேரம் எப்போதும் ஆனதில்லை.

பெரியக்கா சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் பத்து நாளும் மரியாதையாக நடந்துகொண்டார். டீச்சர் திருத்திய தாளில் ஒன்றைக்கூட மறுபரிசீலனைக்கு எடுக்கவில்லை. "அவங்க பார்த்தா சரியாத்தான் இருக்கும்" என்று மற்றவர்களிடம் சொன்னார். முன்பெல்லாம் வேண்டுமென்றே நாலு தாளை எடுத்துவந்து, "இங்க அரை மார்க் ஏன் குறைச்சீங்க?" என்று வம்புக்கு நிற்பார். அந்த வம்பில் ஒரு மணி நேரம் போகும்.

முப்பத்தெட்டாவது கேள்வியைச் சரியாக எழுதியவர்கள் தாளுக்குத் தாள் வந்துகொண்டிருந்தார்கள். வலப்பக்கம், ஒன்று. டீச்சர் இரண்டு மார்க் போட்டார். ஒரு பிள்ளை சரியாக எழுதி, பிறகு அதை அடித்துவிட்டு, இடப்பக்கம் மூன்று என்று எழுதியிருந்தது. அடித்த விடைக்கு மார்க் கிடையாது. அந்தத் தாளை வெகுநேரம் வைத்துப் பார்த்தார். பூஜ்யம் போட்டார். போட்டுவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

வீட்டைப் பற்றிய பேச்சு வரவே இல்லை. சாவி பத்து நாளும் கைப்பையில் இருந்தது. கடைசி நாள், கட்டுகள் முத்திரை வைத்துப் போனபிறகு, பெரியக்காவுக்கு எல்லாரும் சேர்ந்து ஒரு சால்வை போர்த்திப் படம் எடுத்தார்கள். கூட்டம் கலைந்தது. டீச்சர் வாசலில் காத்திருந்தார்.

"அக்கா, வீட்டைப் பார்த்துட்டுப் போறீங்களா? ஆட்டோல பத்து நிமிஷம். தாழ்ப்பாள் எல்லாம் சரி பண்ணிட்டேன்."

பெரியக்கா சால்வையை மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"டீச்சர், உங்ககிட்ட பொய் சொன்னா கண்டுபிடிச்சுருவீங்க. அதனால நேராவே சொல்றேன். அன்னைக்கு நீங்க சொன்னது சரி. நான்தான் உங்களை மைக்ல கிண்டல் பண்ணேன், அது தப்பு. அதுக்கு மன்னிப்பு கேட்டுக்கறேன்."

"அதெல்லாம் எதுக்கு அக்கா."

"இருங்க. நான் முப்பது வருஷம் மத்தவங்க தப்பைப் பார்த்தே பொழைச்சாச்சு. இனிமே காலைல பால் வாங்கக் கதவைத் திறந்தா எதிர்ல நீங்க. நான் இன்னைக்கு செவ்வாய்க்கிழமைம்பேன். நீங்க புதன்பீங்க. அது புதனாத்தான் இருக்கும்." சிரிக்கப் பார்த்தார். "ரெண்டு டிவியோட இருந்துக்கறேன். அதுங்க ரெண்டும் தப்பு தப்பாத்தான் பேசும். எனக்கு நிம்மதி."

டீச்சருக்கு ஒரு வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. நான் இனிமேல் சொல்லமாட்டேன் அக்கா, செவ்வாய் என்றால் செவ்வாய் என்று விட்டுவிடுகிறேன். சொல்லியிருக்கலாம். ஆனால் அது உண்மையில்லை. உண்மையில்லாததைச் சொல்ல அவருக்குப் பழக்கமில்லை. ஐம்பத்தாறு வயதில் வாசலில் நின்றுகொண்டு கற்றுக்கொள்ளவும் முடியவில்லை.

"சரிங்க அக்கா," என்றார்.

"போன் பண்ணுங்க."

"எப்ப?"

"எப்ப வேணா பண்ணுங்க."

எதிர் வீட்டுக்கு அடுத்த வாரமே ஆள் வந்தது. இருவருமே வேலைக்குப் போகிற இளம் தம்பதி. வெள்ளி வந்தால் ஊருக்குப் போய்விடுவார்கள். படியில் பார்த்தால் நல்லபடியாகத் தலையசைப்பார்கள்.

எப்ப வேணா என்பது டீச்சருக்குக் கஷ்டமான வார்த்தை. சும்மா போன் செய்து, சும்மா பேசுவது எப்படி என்று அவருக்குத் தெரியாது. விஷயம் ஒன்று வேண்டும். இரண்டு மாதம் காத்திருந்தபின் விஷயம் கிடைத்தது. புதிதாக வந்த பாடநூலில், நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், அதே ரீல் படம். அடிப்பக்கத்து நூல். ரீல் உருளும் அம்புக்குறி இடப்பக்கம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பாடநூலைத் திறந்து வைத்துக்கொண்டு எண்களை அழுத்தினார்.

"அக்கா, நான்தான். புதுப் புத்தகத்துல நூத்திப் பன்னிரண்டாம் பக்கம் பார்த்தீங்களா? நீங்க சொல்லி எழுதினா மேலிடத்துல கேப்பாங்க."

அந்தப் பக்கம் டிவி சத்தம். இரண்டு டிவி சத்தம்.

"டீச்சரா? நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன். அந்த அம்புக்குறி..."

"நான் ரிட்டையர் ஆயிட்டேன் டீச்சர்," என்றார் பெரியக்கா. கோபமாகச் சொல்லவில்லை. வெகுதூரத்திலிருந்து கை அசைக்கிறவர் மாதிரிச் சொன்னார். "தப்பா இருந்தா இருக்கட்டும். நீங்க எழுதிப் போடுங்க. உடம்பைப் பார்த்துக்கங்க. வச்சுரட்டுமா?"

"சரிங்க அக்கா."

போனை எங்கோ வைக்கிற சத்தம் கேட்டது. ஆனால் அணைக்கவில்லை. அக்காவுக்கு எதையும் அணைக்கும் பழக்கம் இல்லை. டீச்சர் தன் பக்கம் அணைக்கக் கையைக் கொண்டுபோனார். அதற்குள் ஒரு பெண் குரல், "யாரு அத்தை?" என்று கேட்டது.

"ஒரு டீச்சர். ரொம்பக் கெட்டிக்காரி."

"அழுகற மாதிரி இருக்கீங்க?"

"வெங்காயம் வெட்டறேன்ல."

நாற்காலி இழுபட்டது. யாரோ எதற்கோ சிரித்தார்கள். ஒரு டிவியில் செய்தி வாசிப்பவர் ஏதோ ஒரு மலையின் உயரத்தைத் தப்பாகச் சொன்னார். பெரியக்கா ஒன்றும் சொல்லவில்லை. டீச்சரும் ஒன்றும் சொல்லவில்லை. பாத்திரத்தில் எண்ணெய் பொரிந்தது, தட்டுகள் வைக்கப்பட்டன, யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். போனைக் காதோடு வைத்துக்கொண்டு, பாடநூலை மூடாமல், டீச்சர் உட்கார்ந்திருந்தார். மறுமுனையில் யாரோ போனை எடுத்து, "இது ஓடிக்கிட்டே இருக்கே" என்று சொல்லி அணைக்கும்வரை.